முப்பத்தைந்து காணொளிகள், இரண்டு பக்கப் பாடத்திட்டம்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்புகளை உலகம் முழுவதும் உள்ள மாணவர்கள் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1999ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில் வகுப்பறையிலேயே பதிவு செய்யப்பட்டவை அவை. பாடத்தின் எண் 18.06. மொத்தம் 35 காணொளிகள். பெரும்பாலானவை முக்கால் மணி நேரத்தை ஒட்டி ஓடுகின்றன. வாரத்துக்கு மூன்று வகுப்பு என்ற கணக்கில் ஒரு முழுப் பருவத்தின் பாடம் இது. ஸ்ட்ராங் 2023இல் ஓய்வு பெற்றுவிட்டார். கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமாக அவர் நடத்திய அந்தப் பாடம் அப்படியே இருக்கிறது.

இந்தப் பதிவுகளைப் பார்த்து, எந்த வகுப்பில் என்ன சொல்லித்தரப்பட்டது என்று இரண்டு பக்கத்துக்குள் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் வந்து சேரும் மாணவருக்கு அது வேண்டும். அடுத்த ஆண்டு அதே பாடத்தை எடுக்கப்போகும் ஆசிரியருக்கும் வேண்டும். ‘இந்தப் பயிற்சியில் உண்மையில் எதையெல்லாம் படித்தாய்?’ என்று கேட்கும் நிறுவனத்துக்கும் வேண்டும். பல வாரப் பயிற்சிகளைப் பதிவு செய்து வைத்திருக்கும் இடங்களில் இந்த வேலை இப்போது அடிக்கடி வருகிறது. பார்த்தால் எளிதாகத் தெரியும். காணொளிகளுக்குத்தான் ஏற்கெனவே தலைப்பு இருக்கிறதே, அவற்றை வரிசையாக எழுதினால் போதாதா?

போதாது. ஏன் என்பதற்கு ஸ்ட்ராங்கின் பாடமே நல்ல சான்று. அதன் 11ஆம் வகுப்புக்கு மூன்று துண்டாகத் தலைப்பு: மேட்ரிக்ஸ் வெளிகள், ரேங்க் 1, சிற்றுலக வரைபடங்கள். மூன்றும் சம அளவு நடந்தன என்றே படிப்பவர் நினைப்பார். காணொளியைப் பார்த்தால் மூன்றாவது விஷயம் வகுப்பின் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. நண்பர்களைப் புள்ளிகளாகவும் நட்பைக் கோடுகளாகவும் வரைந்தால் எத்தனை படியில் ஒருவர் இன்னொருவரை எட்டலாம் என்று சுருக்கமாகச் சொல்லி, அடுத்த வகுப்புக்கு வாசல் திறந்துவைக்கிறார். அதே வகுப்பில் ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டை எடுத்து, அதன் தீர்வுகள் எல்லாம் சைன், கொசைன் என்ற இரண்டின் கலவையாகவே அமைவதைக் காட்டுகிறார். தலைப்பில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தலைப்பை மட்டும் நம்பினால் நடக்காததற்கு அதிக இடமும், நடந்ததற்கு இடமே இல்லாமலும் போய்விடும்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். பாடம் தொடங்குமுன் எழுதப்படும் பாடத்திட்டம் ஒன்று. பாடம் முடிந்தபின் பதிவிலிருந்து எழுதப்படும் பாடத்திட்டம் வேறொன்று. முதலாவது திட்டம், இரண்டாவது நடந்ததன் கணக்கு. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில், பதிவு செய்துகொள்ளும் பக்கத்திலேயே ‘முதல் வாரம் இது, இரண்டாம் வாரம் இது’ என்று வாரவாரியான பட்டியல் இருக்கும். மாணவர் சேரலாமா என்று முடிவு செய்ய உதவுவது அது. பதிவுகளிலிருந்து எழுதுபவர் அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைப் பார்த்து எழுதக் கூடாது. முதலில் காணொளி, பிறகுதான் ஒப்பீடு. வரிசை மாறினால் கண் பட்டியலில் இருப்பதைத்தான் காணொளியிலும் தேடும்.

வேலை எழுத்துப்படியிலிருந்து தொடங்குகிறது. யூடியூபில் உள்ள பெரும்பாலான வகுப்புகளுக்கு நேரக்குறிகளோடு எழுத்துப்படி கிடைக்கும். ஆங்கிலத்தில் வகுப்பெடுப்பவர் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொற்கள் பேசுவதாகக் கொண்டால், ஒரு முக்கால் மணி நேர வகுப்பில் ஏறத்தாழ ஆறாயிரம் சொற்கள் வரும். 35 வகுப்பும் சேர்ந்தால் இரண்டு லட்சத்தைத் தொடும். எழுதப்போகும் பாடத்திட்டமோ ஒரு வகுப்புக்கு இருபது முப்பது சொற்கள்தான். அதாவது இருநூறு முந்நூறு சொல்லுக்கு ஒரு சொல் என்ற அளவில் சுருக்கம். இவ்வளவு பெரிய சுருக்கத்தை ஒரே தாவலில் செய்ய முயல்வதுதான் முதல் தவறு. முழு எழுத்துப்படியையும் படித்துவிட்டு நினைவிலிருந்து இரண்டு வரி எழுதினால், வகுப்பின் தொடக்கமும் சுவையான ஒரு கதையும் மட்டும் அதில் நிற்கும், நடுப்பகுதி கரைந்துபோகும்.

இடையில் ஒரு படி வேண்டும். அதை ‘குறிப்பேடு’ என்று சொல்லலாம். காணொளி ஓட ஓட, நான்கைந்து நிமிடத்துக்கு ஒரு வரி: எந்த நிமிடத்தில், எதைப் பற்றி, என்ன செய்தார். விளக்கம் கொடுத்தாரா, எடுத்துக்காட்டைப் போட்டுக் காட்டினாரா, பழையதை நினைவுபடுத்தினாரா, வரப்போவதைச் சொன்னாரா என்பதும் அதே வரியில். ஒரு வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு வரி வரும். பாடத்திட்டத்தின் வரி இந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் எழுதப்பட வேண்டும், எழுத்துப்படியிலிருந்து அல்ல.

கணித வகுப்பில் எழுத்துப்படியை மட்டும் நம்பவும் முடியாது. ‘இதிலிருந்து அதைக் கழித்தால் இங்கே பூஜ்யம் வருகிறது’ என்று ஆசிரியர் சொல்வார். ‘இது’வும் ‘அது’வும் கரும்பலகையில் இருக்கும், எழுத்துப்படியில் இருக்காது. கணினிப் பயிற்சியில் திரையும், தையல் பயிற்சியில் கையும் அந்தக் கரும்பலகையின் இடத்தில் இருக்கும். சுட்டுச்சொற்கள் நெருக்கமாக வரும் இடங்களை எழுத்துப்படியில் குறித்துவைத்துக்கொண்டு, அங்கே மட்டுமாவது காணொளியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். தானாக உருவாகும் எழுத்துப்படி என்றால் துறைச் சொற்களையும் ஆட்பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பிழையாக விழுந்த ஒரு சொல் அப்படியே பாடத்திட்டத்தில் ஏறிவிட்டால், அந்தப் பாடத்தைத் தேடுபவருக்கு அது ஒருபோதும் கிடைக்காது.

பேச்சில் ஒரு தலைப்பு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது அடுத்த திறமை. ‘சரி, இப்போது’, ‘அடுத்ததாக’ போன்ற சொற்கள் உதவும். ஆனால் பல ஆசிரியர்கள் ‘சரி’ என்பதை மூச்சு விடுவதற்கும் சொல்வார்கள். அதைவிட நம்பகமான அடையாளம், பலகையில் என்ன நடக்கிறது என்பது. பலகையை அழிப்பது, புதிய பலகைக்கு நகர்வது, புதிய எடுத்துக்காட்டுக்கான எண்களை எழுதத் தொடங்குவது ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து நடந்தால், பெரும்பாலும் அங்கே தலைப்பு மாறுகிறது.

இனி 9ஆம் வகுப்பை அருகில் போய்ப் பார்க்கலாம். அன்றைய பாடம் வெக்டர்களின் சார்பின்மை, பேஸிஸ், பரிமாணம். வெக்டர் என்பதை இங்கே எண்களின் வரிசையாக மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். சில வெக்டர்களைப் பெருக்கியும் கூட்டியும் ஒரு வெளியில் உள்ள எல்லாவற்றையும் உருவாக்க முடிந்து, அவற்றில் ஒன்றுகூட மிகையில்லை என்றால் அந்தத் தொகுதிக்குப் பேஸிஸ் என்று பெயர். முப்பரிமாண வெளிக்கு எளிய பேஸிஸைச் சொன்னபின், வேறு ஒன்றையும் காட்ட விரும்புகிறார் ஸ்ட்ராங். (1, 1, 2), (2, 2, 5) என்று இரண்டு வெக்டர்களை எழுதுகிறார். மூன்றாவதாக இவ்விரண்டின் கூட்டுத்தொகையான (3, 3, 7)ஐப் போட்டால் பயனில்லை என்று விளக்கி, (3, 3, 8) என்று மாற்றுகிறார். இப்போது பேஸிஸ் கிடைத்துவிட்டது என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்கிறார்.

அது பேஸிஸ் அல்ல. மூன்று வெக்டர்களிலும் முதல் இரண்டு எண்கள் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை எப்படிக் கலந்தாலும் விடையிலும் முதல் இரண்டு எண்கள் ஒன்றாகவே வரும். (1, 0, 0) என்பதை அவற்றால் உருவாக்கவே முடியாது.

10ஆம் வகுப்பு இந்தத் தவறைத் திருத்துவதில்தான் தொடங்குகிறது. அதுவும் மன்னிப்போடு முடிந்துவிடவில்லை. மூன்று வெக்டர்களையும் நிரல்களாக வைத்து மேட்ரிக்ஸ் அமைத்தால் அதன் முதல் இரண்டு நிரைகளும் ஒன்றே என்பதைக் காட்டுகிறார். நிரைகளில் இரண்டுதான் தனித்தவை என்றால் நிரல்களிலும் இரண்டுதான் தனித்தவையாக இருக்க முடியும் என்ற உண்மை அன்றைய பாடத்தின் மையம். தவறே அன்றைய பாடத்துக்குக் கதவாகிவிடுகிறது. ஒரு மேட்ரிக்ஸோடு சேர்ந்து வரும் நான்கு உள்வெளிகளையும் அதற்குப் பிறகுதான் பலகையில் வரைகிறார்.

பாடத்திட்டம் எழுதுபவருக்கு இந்த இரண்டு வகுப்பும் கடினமான சோதனை. 9ஆம் வகுப்பை மட்டும் பார்த்து எழுதியவர், தவறான எடுத்துக்காட்டைச் சரியானதாக ஏற்றிவிடுவார். 10ஆம் வகுப்பை மட்டும் பார்த்தவர், ‘முந்தைய வகுப்பின் மீள்பார்வை’ என்று எழுதித் திருத்தத்தை விழுங்கிவிடுவார். சரியான முறை: இரண்டு வரியிலும் அதைக் குறிப்பது. 9இல் ‘இந்த எடுத்துக்காட்டின் திருத்தம் வகுப்பு 10இன் தொடக்கத்தில்’. 10இல் ‘வகுப்பு 9இன் எடுத்துக்காட்டுத் திருத்தம்’. ஐந்தாறு சொற்கள்தான். அவை இல்லாவிட்டால், 9ஐ மட்டும் பார்த்துவிட்டுப் போகும் மாணவர் தவறோடு போவார். எந்த நீண்ட பயிற்சியிலும் ‘போன வாரம் சொன்னதில் ஒரு மாற்றம்’ என்று ஆசிரியர் சொல்லும் இடம் ஒன்றிரண்டாவது இருக்கும். குறிப்பேட்டில் அதற்கென்று தனி அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது.

10ஆம் வகுப்பில் இன்னொன்றும் நடக்கிறது. முடியும் தறுவாயில், 3க்கு 3 மேட்ரிக்ஸ்களையே வெக்டர்களாக எண்ணிப் பார்க்கலாம் என்ற புதிய யோசனையைத் தொடங்கிவைக்கிறார். அது 11ஆம் வகுப்பில்தான் முழுமையாகிறது. மணி அடித்ததும் வகுப்பு முடியும்; தலைப்பு முடிவதில்லை. இப்படி எல்லை தாண்டும் தலைப்பை எங்கே எழுதுவது? அது எங்கே விளக்கம் பெற்று எடுத்துக்காட்டோடு நடத்தப்பட்டதோ அங்கே முழுதாக எழுதி, தொடங்கிய இடத்தில் ‘தொடக்கம்’ என்று மட்டும் குறித்தால் போதும்.

இதிலிருந்து ஒரு பொது அளவுகோல் கிடைக்கிறது. ஒரு விஷயம் ‘சொல்லப்பட்டதா’, ‘சொல்லித்தரப்பட்டதா’ என்று பிரிக்க, ஒரே கேள்வி கேட்கலாம்: இந்த வகுப்பை மட்டும் பார்த்த மாணவர் இதைப் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுத முடியுமா? முடியும் என்றால் அது தலைப்பு. முடியாது என்றால், ஆசிரியர் அந்தப் பெயரைப் பத்து முறை சொல்லியிருந்தாலும் அது அறிமுகம் மட்டுமே. எழுத்துப்படியில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணித் தலைப்புகளைப் பிடிப்பவர்கள் வழுக்குவது இங்கேதான்.

இந்த அளவுகோலின்படி 9 முதல் 13 வரையிலான வகுப்புகள் பாடத்திட்டத்தில் இப்படி வரும்:

வகுப்பு 9: வெக்டர்களின் சார்பின்மை; ஒரு வெளியை நிரப்பும் தொகுதி; பேஸிஸ், பரிமாணம்; நிரல்வெளி, பூஜ்யவெளி ஆகியவற்றின் பரிமாணத்தை ரேங்க்கிலிருந்து காணுதல். (முப்பரிமாண எடுத்துக்காட்டின் திருத்தம் வகுப்பு 10இல்.)

வகுப்பு 10: வகுப்பு 9இன் எடுத்துக்காட்டுத் திருத்தம், மேட்ரிக்ஸின் நான்கு அடிப்படை உள்வெளிகள், ஒவ்வொன்றின் பேஸிஸும் பரிமாணமும். மேட்ரிக்ஸ்களை வெக்டர்களாகக் காணுதல் – தொடக்கம்.

வகுப்பு 11: 3க்கு 3 மேட்ரிக்ஸ்களின் வெளி, சமச்சீர் மற்றும் மேல்முக்கோண மேட்ரிக்ஸ்களின் பரிமாணம், வகைக்கெழுச் சமன்பாட்டின் தீர்வுவெளி, ரேங்க் 1 மேட்ரிக்ஸ்கள். சிற்றுலக வரைபடங்கள் – அறிமுகம் மட்டும்.

வகுப்பு 12: வரைபடத்திலிருந்து மேட்ரிக்ஸ் அமைத்தல் (4 முனை, 5 கோடு), மின்சுற்றில் மின்னழுத்தம், மின்னோட்டம், கிர்க்காஃப் விதி, ஆய்லரின் சூத்திரம்.

வகுப்பு 13: முதல் தேர்வுக்கான மீள்பார்வை. புதிய தலைப்பு இல்லை.

கடைசி வரியைப் பாருங்கள். காலியாகத் தெரிகிறதே என்று பலர் அதில் எதையாவது நிரப்புவார்கள்: மீள்பார்வையில் வந்த தலைப்புகளை எல்லாம் திரும்ப எழுதுவார்கள். அப்படிச் செய்தால் நான்கு உள்வெளிகளைத் தேடி வருபவர் 13ஆம் வகுப்பைத் திறந்து ஏமாந்துபோவார். ‘புதிய தலைப்பு இல்லை’ என்பது முழுமையான, பயனுள்ள செய்தி.

வரியில் எழுதும் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘மேலும் சில பயன்பாடுகள்’, ‘தொடர்ச்சி’, ‘முக்கியக் கருத்துகள்’ என்பவை எதையும் சொல்வதில்லை. 12ஆம் வகுப்புக்கு ‘மேட்ரிக்ஸ்களின் பயன்பாடுகள்’ என்று எழுதினால் அது பொய்யில்லை. ஆனால் மின்சுற்றும் கிர்க்காஃபும் அதில் ஒளிந்துகொள்ளும். மாணவர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவாரோ, ஆசிரியர் பலகையில் எந்தப் பெயரை எழுதினாரோ, அந்தச் சொல்லே வரியில் இருக்க வேண்டும்.

வகுப்புவாரி வரிகள் முடிந்தபின்தான் அவற்றைப் பெரிய பகுதிகளாகத் தொகுக்க வேண்டும். நாட்காட்டி வாரத்தின்படி தொகுப்பதே பலருக்கும் முதலில் தோன்றும். ஸ்ட்ராங்கின் பாடத்தில் அதைவிட இயல்பான பிரிவு தேர்வுகளில் இருக்கிறது. முதல் தேர்வுக்கான மீள்பார்வை 13ஆம் வகுப்பு. இரண்டாவது தேர்வுக்கானது 24ஐ அடுத்து வரும் ‘24பி’. 25இலிருந்து மூன்றாம் பகுதி. எம்.ஐ.டி. பின்னர் தனியாகப் படிப்பவர்களுக்காக இதே பாடத்தை மறுபடி ஒழுங்கு செய்தபோதும் மூன்று அலகுகளாகவே பிரித்தது: Ax = b சமன்பாடும் நான்கு உள்வெளிகளும்; மீச்சிறு வர்க்க முறை, அணிக்கோவைகள், ஐகன் மதிப்புகள்; நேர்நிச்சய மேட்ரிக்ஸ்களும் பயன்பாடுகளும். ஆசிரியர் எங்கே நின்று மாணவரைச் சோதித்தாரோ அங்கே பாடத்தின் மூட்டு இருக்கிறது. தேர்வு இல்லாத பயிற்சியில், செய்முறைப் பணி கொடுத்த இடங்களைப் பார்க்கலாம்.

தொகுக்கும்போது ஒரு ஆசை வரும். ஆசிரியர் முன்னும் பின்னுமாக நடத்தியதை நூலின் வரிசைக்கு மாற்றி அழகாக அடுக்கிவிடலாமே என்ற ஆசை. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. ஸ்ட்ராங் அணிக்கோவைகளை 18ஆம் வகுப்பில்தான் தொடங்குகிறார். பள்ளியில் மேட்ரிக்ஸோடு சேர்த்தே அதைப் படித்தவர்களுக்கு இது தாமதமாகத் தோன்றும். அந்தத் தாமதம் அவர் யோசித்துச் செய்த தேர்வு. அவர் கற்பிக்கும் முறையே அதில்தான் இருக்கிறது. வரிசையைத் திருத்தினால் பாடத்திட்டம் அவருடைய பாடத்துக்கு உரியதாக இருக்காது. நூலில் இருக்கிறது, ஆகவே வகுப்பிலும் வந்திருக்கும் என்று ஊகித்துச் சேர்ப்பதும் இதே வகைத் தவறு. துறை தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள். அவர்கள் மனம் விடுபட்டதைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

எழுதி முடித்ததைச் சோதிக்க இரண்டு வழி உண்டு, இரண்டும் வேண்டும். முதலாவது, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வரிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் உள்ள ஒவ்வொரு தலைப்பும் காணொளியில் எந்த நிமிடத்தில் வருகிறது என்று காட்டச் சொல்வது. காட்ட முடியாத தலைப்பு வெளியே போக வேண்டும். இரண்டாவது எதிர்த்திசையில்: பாடத்தைப் படித்த ஒருவரிடம் பாடத்திட்டத்தைக் கொடுத்து, ‘கிராம்-ஷ்மிட் முறை எங்கே?’, ‘மார்க்கோவ் மேட்ரிக்ஸ் எங்கே?’ என்று கேட்பது. ஒன்று 17ஆம் வகுப்பு, மற்றது 24. பார்த்த உடனே அவர் விரல் அங்கே போனால் பாடத்திட்டம் சரி. முதல் சோதனை இல்லாததைப் பிடிக்கும். இரண்டாவது விடுபட்டதைப் பிடிக்கும்.

குறிப்பேட்டில் நிமிடங்கள் ஏற்கெனவே இருப்பதால் கூடுதலாக ஒன்றும் செய்யலாம். யூடியூபில் காணொளியின் விவரப் பகுதியில் 00:00 என்று தொடங்கி, குறைந்தது மூன்று நேரக்குறிகளை வரிசையாக எழுதினால், காணொளி தானாகவே அத்தியாயங்களாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு பகுதியும் பத்து வினாடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பாடத்திட்டத்தில் தலைப்பைப் படித்தவர் அந்த இடத்துக்கே நேராகப் போகலாம்.

தமிழ்நாட்டில் கல்லூரிகளும் பயிற்சி நிலையங்களும் வகுப்புகளைப் பதிவு செய்து வைக்கின்றன. அவற்றில் பல, தேதியை மட்டுமே பெயராகக் கொண்ட கோப்புகளாகக் கிடக்கின்றன. பயிற்சி நடத்துபவர்களிடம் வைக்க ஒரு வேண்டுகோள் உண்டு. வகுப்பு முடிந்த அன்றே, ஆசிரியரோ ஒரு மாணவரோ அந்த வகுப்புக்கான குறிப்பேட்டை எழுதிவிடட்டும். பயிற்சி முடிந்ததும், முன்பு அறிவித்த பாடத்திட்டத்துக்குப் பக்கத்திலேயே நடந்ததன் பாடத்திட்டத்தையும் வெளியிடுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் அதையும் மறைக்காமல் காட்டுங்கள். அடுத்த அணியில் சேர வருபவர் பார்க்க விரும்புவது அதைத்தான்.